சாப்பிட்டுக்கொண்டே பட்டினி

வலிப்பு நோயாளியைப் பட்டினி போட்டால் வலிப்பு குறையும் என்பது மருத்துவத்தில் ரொம்பப் பழைய சங்கதி. பழங்காலக் கிரேக்க மருத்துவக் குறிப்புகளிலேயே அது இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தப் பேச்சு மறுபடியும் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஹியூ காங்க்லின் என்றொரு வைத்தியர், ஃபிட்ஸ் வரும் பிள்ளைகளை வாரக்கணக்கில் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி கிடக்க வைத்தார். குடலில் சுரக்கும் ஏதோ நஞ்சுதான் மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்குகிறது, பட்டினி கிடந்தால் குடல் ஓய்ந்து நஞ்சும் நின்றுவிடும் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு தப்பு. ஆனால் பல பிள்ளைகளுக்கு வலிப்பு குறைந்தது மட்டும் நிஜம்.

சிக்கல் என்னவென்றால், யாரும் ஆயுளுக்கும் பட்டினி கிடக்க முடியாது. திரும்பச் சாப்பிடத் தொடங்கியதும் பலருக்கு வலிப்பும் திரும்பியது. 1921இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் இதை வேறு கோணத்தில் பார்த்தார். பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள்கள் ஏறுகின்றன. மாவுச்சத்தை அறவே குறைத்து, கொழுப்பை ஏராளமாகக் கொடுத்தாலும் அதே கீட்டோன்கள் ஏறும். அப்படியானால் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டே உடம்பைப் பட்டினி நிலையில் வைத்திருக்க முடியுமே என்று யோசித்தார். அந்த உணவுமுறைக்குக் ‘கீட்டோஜெனிக் டயட்’ என்று பெயரிட்டவரும் அவரே. நான்கு வருடம் கழித்து, அதே மருத்துவமனையின் மைனி பீட்டர்மன் அளவுகளை எழுதிவைத்தார்: பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளைக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மற்றதெல்லாம் கொழுப்பு. இன்றைய கணக்கும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆனால் இந்தக் கீட்டோன் மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மூளை குளுக்கோஸைத் தவிர வேறெதையும் எரிக்காது என்றுதான் இன்னும் 40 வருடங்களுக்கு மேல் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தப் பாடம் இடிக்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களின் மூளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு பட்டினி தொடங்கி ஒரு நாளில் கரைந்துவிடும். அதன்பிறகு தசைப் புரதத்தைக் கரைத்துத்தான் குளுக்கோஸ் செய்யவேண்டும். தினம் 100 கிராம் குளுக்கோஸ் அப்படிச் செய்துகொண்டே போனால் சில வாரங்களில் தசையெல்லாம் உருகி, மூச்சுவிடும் தசைகூட மிஞ்சாது. ஆனால் தண்ணீர் மட்டும் குடித்து இரண்டு மாதம் வரை உயிரோடு இருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மூளை அத்தனை நாளும் எதைத் தின்றது?

1967இல் பாஸ்டனில் ஜார்ஜ் காஹிலும் ஆலிவர் ஓவனும் அவர்களுடைய குழுவும் இதற்கு நேரடியாக விடை கண்டார்கள். எடை குறைப்பதற்காக மருத்துவமனையில் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த மூன்று பருமனான நோயாளிகள்தான் சோதனைக்கு உட்பட்டவர்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தையும், மூளையிலிருந்து கழுத்துச் சிரை வழியாகத் திரும்பும் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். போகும்போது இருந்து, திரும்பும்போது குறைந்திருப்பது எதுவோ அதைத்தான் மூளை எடுத்துக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் குறைந்திருந்தது, ஆனால் கொஞ்சம்தான். பெருமளவு குறைந்திருந்தவை கீட்டோன்கள். நீண்ட பட்டினியில் மூளையின் முதன்மை எரிபொருள் கீட்டோன்தான் என்பது அன்று உறுதியானது. சோதனைக்கு உட்பட்டவர்கள் மூன்றே மூன்று பேர். ஒரு பாடப் புத்தக அத்தியாயத்தையே திருத்தி எழுத அது போதுமாயிருந்தது.

இந்தக் கீட்டோன் எங்கே, எப்படி உண்டாகிறது?

நாம் சோறு சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கணையம் இன்சுலினைச் சுரக்கும். ‘சர்க்கரை இருக்கிறது, கொழுப்பைத் தொடாதே’ என்பது இன்சுலின் உடம்புக்குத் தரும் உத்தரவு. மாவுச்சத்து வராமல் நின்றால் இன்சுலின் இறங்குகிறது. உடனே தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடுகின்றன. இதயமும் தசையும் அதை அப்படியே எரித்துக்கொள்ளும். மூளையால் அது முடியாது. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்பவை. மூளையின் ரத்தத் தடுப்பைத் தாண்டி எரிபொருளாகும் அளவுக்கு வேகமாக உள்ளே போவதில்லை.

அதனால் இடையில் கல்லீரல் வருகிறது. கல்லீரல் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்திக் கூடத்தில், நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலி இரண்டிரண்டு கார்பன் துண்டுகளாக வெட்டப்படுகிறது. வழக்கமாக இந்தத் துண்டுகள் அங்கேயே எரிந்து சக்தியாகும். எரிவதற்கு ஆக்சலோஅசிட்டேட் என்ற ஒரு துணைப் பொருள் வேண்டும். பட்டினியிலோ, மாவுச்சத்து இல்லாத உணவிலோ கல்லீரல் அந்தத் துணைப் பொருளைக் குளுக்கோஸ் செய்வதற்குத் திருப்பிவிடுகிறது. துண்டுகள் குவிகின்றன, எரிய வழியில்லை. அப்போது கல்லீரல் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து நான்கு கார்பன் கொண்ட சிறிய பொருள்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. முதலில் உண்டாவது அசிட்டோஅசிட்டேட். அதில் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. கொஞ்சம் தானாகவே சிதைந்து அசிட்டோனாகி மூச்சில் வெளியேறுகிறது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனை இந்த டயட்டில் இருக்கும் பிள்ளைகளின் வாயில் லேசாக வருவது இதனால்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கீட்டோனைத் திரும்பப் பிரித்து எரிப்பதற்கு ஒரு நொதி தேவை. உடம்பில் கல்லீரலுக்கு மட்டும் அந்த நொதி கிடையாது. ஊருக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டுத் தான் ஒரு வாய்கூட உண்ணாத சமையல்காரர் மாதிரி, செய்த கீட்டோன் முழுவதையும் அது மற்ற உறுப்புகளுக்கே அனுப்பிவிடுகிறது. கல்லீரலுக்கும் அந்த நொதி இருந்திருந்தால் மூளைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கீட்டோன்கள் சிறியவை, நீரில் கரைபவை. மூளையின் ரத்தத் தடுப்பில் அவற்றுக்கென்றே கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. குளுக்கோஸ் நுழையும் வழி வேறு, கீட்டோன் நுழையும் வழி வேறு. கைக்குழந்தைகளின் மூளையில் கீட்டோன் வழிகள் பெரியவர்களைவிட அதிகம். தாய்ப்பாலில் கொழுப்பு நிறைய என்பதால் அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. கீட்டோன் நாள்பட ரத்தத்தில் இருந்தால் இந்த வழிகளும் கூடும். உள்ளே போனதும் நரம்புச் செல் அதைத் திரும்ப இரண்டு கார்பன் துண்டுகளாகப் பிரித்து, தன் மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துச் சக்தி எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸ் எரிவதற்கு முன் கடக்கவேண்டிய முதல் பத்துப் படிகள் கீட்டோனுக்குத் தேவையில்லை. நேரே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த இரண்டு வழிகளும் தனித்தனி என்பதை இயற்கையே நிரூபித்துக் காட்டுகிற ஒரு நோய் இருக்கிறது. நியூயார்க்கில் டாரில் டி விவோ என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1991இல் அதை விவரித்தார்கள். இரண்டு குழந்தைகள், பிறந்த சில மாதங்களிலேயே வலிப்பு, வளர்ச்சியும் மந்தம். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் மட்டும் சர்க்கரை மிகக் குறைவு. வழக்கமாக ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த நீரில் இருக்கவேண்டும். காரணம், குளுக்கோஸை மூளைக்குள் கடத்தும் ‘குளூட்-1’ என்ற புரதத்தில் குறை. ரத்தத்தில் சர்க்கரை ஓடிக்கொண்டே இருந்தும் மூளை பசியால் துடித்தது. கீட்டோஜெனிக் டயட் கொடுத்ததும் வலிப்பு அடங்கியது. குளுக்கோஸ் வழி அடைபட்டாலும் கீட்டோன் வழி திறந்திருந்ததே காரணம். இன்றும் இந்தக் குறைபாட்டுக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, இந்த உணவுதான். இதில் இன்னொரு கூத்தும் உண்டு: ஃபிட்ஸுக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் மாத்திரை, ஏற்கெனவே பலவீனமான அந்தக் குளூட்-1 புரதத்தை இன்னும் மந்தமாக்கும். நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் குளூட்-1 குறைபாடு அரிது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் வழி நன்றாகவே வேலை செய்கிறது. அவர்களுடைய மூளை பட்டினியில் இல்லை. அப்படியிருந்தும் பலருக்கு டயட் பலிக்கிறது. எனவே ‘மாற்று எரிபொருள்’ என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

வலிப்பு என்பது நரம்புச் செல்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல், ஒரே சமயத்தில் மின்துடிப்பு விடுவது. செல் அப்படித் துடிக்க வேகமாகக் கிடைக்கும் சக்தி வேண்டும். குளுக்கோஸின் முதல் பத்துப் படிகள்தான் அந்த உடனடிச் சக்தியைத் தருகின்றன. கீட்டோனை எரிக்கும் செல்லில் அந்த உடனடிச் சக்தி குறைவு. அப்போது செல்லின் சவ்வில் இருக்கும் ஒருவகைப் பொட்டாசியம் வழிகள் எளிதில் திறந்து, செல்லின் கிளர்ச்சியைத் தணிக்கின்றன என்பது ஒரு விளக்கம். மூளையில் கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள், அமைதிப்படுத்தும் காபாவாக மாறுவது கூடுகிறது என்பது இரண்டாவது. எலிகளிலும் சோதனைச் சாலையிலும் இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. குடல் நுண்ணுயிர்களின் பங்கு, தேங்காய் எண்ணெயில் இருப்பதுபோன்ற சில கொழுப்பு அமிலங்களின் நேரடி விளைவு என்றும் ஆராய்ச்சிகள் போகின்றன. ரத்தத்தில் கீட்டோன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வலிப்பு குறையும் என்றும் சொல்ல முடிவதில்லை. ஒரே அளவு கீட்டோன் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு முழுக்க நிற்கும், இன்னொன்றுக்கு ஒன்றுமே ஆகாது. என்னைக் கேட்டால், கீட்டோன் மூளைக்குள் போய் எரிகிறது என்பது முடிந்த வழக்கு. அது வலிப்பை எப்படி நிறுத்துகிறது என்பது இன்னும் விசாரணையில் இருக்கும் வழக்கு.

பலிக்கிறதா இல்லையா என்பதில் மட்டும் விசாரணை முடிந்துவிட்டது. 1938இல் ஃபீனிட்டாயின் மாத்திரை வந்ததும் இந்த டயட்டை எல்லாரும் மறந்துபோனார்கள். எண்ணெயும் தராசுமாக யார் மெனக்கெடுவது! 1990களில் ஜிம் ஆப்ரஹாம்ஸ் என்ற ஹாலிவுட் இயக்குநரின் கைக்குழந்தைக்கு எந்த மருந்தும் பிடிக்காமல், கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்த டயட்டால் வலிப்பு நின்றது. அவர் அதை ஊரறியச் சொன்ன பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. முறையான சோதனை 2008இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழுவிடமிருந்து வந்தது. குறைந்தது இரண்டு மருந்துகள் பலிக்காமல், தினமும் அல்லது வாரத்துக்கு ஏழு முறைக்கு மேல் வலிப்பு வந்துகொண்டிருந்த 145 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதத்தில், டயட்டில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. டயட் தொடங்காமல் காத்திருந்தவர்களில் 6 சதவீதம்தான். 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள் டயட் பக்கத்தில் ஐந்து பேர், மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை. அதாவது, இது அற்புத சிகிச்சை இல்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் இரண்டு மருந்துகள் தோற்ற பிறகு மூன்றாவது மருந்து முழுக்கப் பலிக்கும் வாய்ப்பு மிகவும் சொற்பம். அதோடு ஒப்பிட்டால் 38 சதவீதம் என்பது பெரிய எண்.

இனி தட்டுக்கு வருவோம். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் இது ஏன் கஷ்டம் என்று புரியும்.

15 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 1,200 கலோரி என்று டயட்டீஷியன் முடிவு செய்கிறார் என வைத்துக்கொள்வோம். கடுமையான முறை ‘நாலுக்கு ஒன்று’: 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டும் 4 கலோரி. ஆக, இந்த ஒரு பங்கில் 40 கலோரி. 1,200 கலோரிக்கு 30 பங்கு வேண்டும். அதாவது 120 கிராம் கொழுப்பு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 30 கிராம். கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் புரதம் 15 கிராம் போனால், மாவுச்சத்துக்கு மிஞ்சுவது நாள் முழுவதற்கும் 15 கிராம். ஒரு இட்லியில் எட்டு கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டால் அன்றைய கணக்கே தீர்ந்துபோய்விடும்.

மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 40 கிராம் கொழுப்பு, 5 கிராம் புரதம், 5 கிராம் மாவுச்சத்து. நம் வீட்டுச் சமையலில் இதைக் கொண்டுவர முடியாதா? முடியும். முட்டையை அடித்து, அதில் 30 கிராம் மட்டும் எடை போட்டு எடுக்கவேண்டும். முழு முட்டை போட்டால் புரதம் கூடிவிடும். 100 கிராம் புடலங்காய், 20 கிராம் தேங்காய்த் துருவல். புரதமும் மாவுச்சத்தும் இதிலேயே ஏறக்குறைய வந்துவிட்டன. ஆனால் கொழுப்பு 10 கிராம்தான் ஆகியிருக்கிறது. மீதி 30 கிராமுக்குத் தேங்காய் எண்ணெயோ நெய்யோ ஊற்றவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி நிறைய. பொரியல் எண்ணெயில் மிதக்கும். தட்டில் வழிந்து நிற்கும் எண்ணெயையும் பிள்ளை கரண்டியால் வழித்துச் சாப்பிட்டாகவேண்டும், ஏனென்றால் தட்டில் எண்ணெய் மிச்சமானால் விகிதமே கெட்டுவிடும். அதனால்தான் இந்த வீடுகளில் கிராமுக்குக் கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இவ்வளவு இறுக்கம் எல்லாருக்கும் தேவையில்லை என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. கலோரியையும் புரதத்தையும் கட்டுப்படுத்தாமல், மாவுச்சத்தை மட்டும் நாளைக்கு 10 கிராம் போல வைத்து, கொழுப்பை நிறையச் சேர்க்கும் ‘மாடிஃபைடு அட்கின்ஸ்’ என்ற தளர்வான முறை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 102 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் டயட் பிள்ளைகளில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் 11.5 சதவீதம். தராசும் முழுநேர டயட்டீஷியனும் கிடைக்காத ஊர்களுக்கு இந்த முறை பெரிய வரம். பெரியவர்களுக்கும் பெரும்பாலும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

நம் ஊரில் பேலியோ டயட் இருப்பவர்கள் ஏராளம். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். மாவுச்சத்தைக் குறைப்பதில் ஒற்றுமை உண்டு. ஆனால் வயிறு நிறைய மட்டனும் முட்டையும் சாப்பிட்டால் புரதம் கூடி, அதில் ஒரு பகுதி கல்லீரலில் குளுக்கோஸாகிவிடும். எடை குறைக்க அது போதும். வலிப்புக்குப் பெரும்பாலும் போதாது. முக்கியமாக, வலிப்பு டயட் எடையைக் குறைப்பதற்கானது இல்லை. பிள்ளை வளரவும் வேண்டும், கீட்டோனும் இறங்கக்கூடாது. அதற்குத்தான் இத்தனை கணக்கு.

தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் சில பரிசோதனைகள் கட்டாயம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோகவோ, உள்ளே போனதை வெட்டவோ முடியாத குறை இருக்கும். அவர்களுக்கு மாவுச்சத்தை நிறுத்திக் கொழுப்பைக் கொடுத்தால் உடம்புக்கு எந்த எரிபொருளும் இல்லாமல் போகும்; உயிருக்கே ஆபத்து. ‘நாமே வீட்டில் முயன்று பார்ப்போம்’ என்று யாரும் இறங்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் சில நாட்களில் பிள்ளை சோர்ந்து படுக்கலாம், வாந்தி எடுக்கலாம், சர்க்கரை இறங்கலாம். அதனால் பல மருத்துவமனைகள் உள்ளே சேர்த்துக்கொண்டே தொடங்குகின்றன. பிறகு மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும். ரத்தக் கொழுப்பு ஏறலாம், உயரம் கொஞ்சம் மந்தப்படலாம், சிறுநீரகக் கல் வரலாம். டோபிரமேட் போன்ற சில ஃபிட்ஸ் மருந்துகளோடு சேரும்போது கல்லுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்; பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தால் அது வெகுவாகக் குறைகிறது. காயும் பழமும் இத்தனை குறைவான உணவில் வைட்டமினும் கால்சியமும் தனியாகக் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் சர்க்கரை சேர்க்காத வகையில். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் ஆபத்தான கீட்டோன் மயக்கத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் உண்டு. அங்கே இன்சுலினே இல்லாததால் கீட்டோன் கட்டுமீறி ஏறுகிறது. இங்கே குறைவாகவாவது இன்சுலின் இருந்து அதைக் கட்டுக்குள் வைக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிமோல் வரைதான் பெரும்பாலும் நிற்கும்.

கீட்டோன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவு, எளிது. ஆனால் அது அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே காட்டும். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டைக் காட்டாது. சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் நம்பகம்.

அடங்கியிருந்த வலிப்பு திடீரென்று திரும்பினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது மறைந்திருக்கும் சர்க்கரையைத்தான். காய்ச்சலுக்குக் கொடுத்த சிரப், இனிப்பு ஃபிட்ஸ் சிரப், பள்ளியில் யாரோ கொடுத்த பிறந்தநாள் சாக்லேட், பாட்டி பாவம் பார்த்து ஊட்டிய ஒரு பிடி பருப்புச் சோறு. கீட்டோன் ஏற நாள்கணக்கில் ஆகும். இறங்க ஒரு மணி நேரம் போதும். டயட்டில் கட்டுப்பட்டிருந்த பிள்ளைக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கீட்டோன் சரிந்து, கொஞ்ச நேரத்தில் வலிப்பு திரும்பியதை 1970களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பலிக்கிறதா என்று தெரிய மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். ஒன்றும் மாற்றமில்லை என்றால் படிப்படியாக நிறுத்திவிடலாம். பலித்தால் இரண்டு வருடம் போலத் தொடர்ந்து, பிறகு கொழுப்பின் விகிதத்தை மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து வழக்கமான சாப்பாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பலருக்கு அதன்பிறகும் வலிப்பு அடங்கியே இருக்கிறது. குளூட்-1 பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் நீண்டகாலம் தேவைப்படும். எந்தக் கட்டத்திலும் ஃபிட்ஸ் மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. டயட் நன்றாகப் பிடித்தால் மாத்திரையை எவ்வளவு, எப்போது குறைப்பது என்று நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

சரியான அளவில் இரண்டு மருந்துகள் கொடுத்தும் உங்கள் பிள்ளைக்கு வலிப்பு நிற்கவில்லை என்றால், அடுத்த முறை குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ‘இந்த டயட் எங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே டயட்டில் இருக்கும் பிள்ளை என்றால், ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ‘கீட்டோஜெனிக் டயட்டில் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் தவிர குளுக்கோஸ் டிரிப்ஸ் போடவேண்டாம். உப்பு நீர் டிரிப்ஸ் போதும்.’ நடுராத்திரியில் காய்ச்சலும் வாந்தியுமாக எந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடினாலும், டிரிப்ஸ் ஊசி ஏறுவதற்கு முன் அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 500 மில்லி கொள்ளும் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. 15 கிலோ பிள்ளையின் ஒரு நாள் மாவுச்சத்துக் கணக்கைவிட அது அதிகம்.